எண்ணூரில் வயதானவர்களே இல்லையா? அனலிட்டிக்ஸ் ரிப்போர்ட்டில் மறைந்த வரிகளைக் கண்டுபிடிக்கும் வழி

காசிமேட்டில் மீன் வாங்கி வீட்டுக்கு வீடு அனுப்பும் ஓர் அக்காவின் வெப்சைட் கணக்குகளை நான் அவ்வப்போது பார்த்துக் கொடுப்பேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நான்கு ரூட். ஒரு மாத முடிவில், எந்த ரூட்டில் எந்த வயதுக்காரர்கள் வருகிறார்கள் என்று ரிப்போர்ட் எடுத்துக் காட்டினேன். எண்ணூர் வரியில் 25 முதல் 44 வயது வரைதான் இருந்தது. "எண்ணூர் முழுக்க இளசுகள்தான் அக்கா, இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போடலாம்" என்றேன்.

அக்கா நம்பவில்லை. "இன்னா தம்பி சொல்ற? போன வாரம்கூட ஒரு தாத்தா போன் பண்ணி, நெட்டுல பார்த்தேன், சங்கரா ஒரு கிலோ அனுப்புன்னு சொன்னாரே. அவரு எங்க போனாரு?"

தாத்தா எங்கேயும் போகவில்லை. கூகுள் அனலிட்டிக்ஸ் அவர் இருந்த வரியை எடுத்துவிட்டு மீதியைக் காட்டியிருந்தது. அந்த ரிப்போர்ட்டில் ஒரு மூலையில் சின்னதாக ஒரு முக்கோணம் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் அதே தப்பைச் செய்யாமல் இருக்க, அன்று நான் பிறகு செய்த சோதனைகளை வரிசையாக எழுதுகிறேன். கடையின் உண்மையான எண்களைப் போட முடியாது. கீழே வருபவை கணக்குப் புரிவதற்காக நானே போட்டவை.

முதலில், வரி ஏன் மறைகிறது

ஒரு வரியில் ஆட்கள் மிகக் குறைவாக இருந்தால், பெயர் இல்லாமலே அது யார் என்று தெரிந்துவிடும். எண்ணூர் ரூட்டில் 65 வயதுக்கு மேற்பட்ட ஆண் ஒரே ஒருவர்தான் என்றால், அந்தத் தெருவுக்கு மீன் கொண்டுபோகிற பையனுக்கு அது யார் என்று சொல்லவே வேண்டியதில்லை. அதற்காகத்தான் வயது, பாலினம், ஆர்வங்கள் போன்ற விவரங்கள் ரிப்போர்ட்டில் வரும்போது, போதுமான ஆட்கள் இல்லாத வரியை அனலிட்டிக்ஸ் காட்டாமல் விடுகிறது. இதைத்தான் த்ரெஷோல்டு என்கிறார்கள். நான் இங்கே வரம்பு என்று எழுதுகிறேன்.

அந்த வரம்பு எத்தனை பேர் என்று கூகுள் வெளியிடவில்லை. நம் இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. பழைய வழிகாட்டிகள் சிலவற்றில், அட்மின் பகுதிக்குப் போய் `Reporting identity` என்பதை `Device-based` என்று மாற்றினால் வரம்பு போய்விடும் என்று படித்திருப்பீர்கள். கூகுள் கணக்கில் லாகின் செய்தவர்களை அடையாளம் காண உதவும் கூகுள் சிக்னல்ஸ் அந்த அமைப்பில் ஒரு பங்கு வகித்த காலத்து யோசனை அது. 2024 பிப்ரவரியில் கூகுள் சிக்னல்ஸை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். வயது, பாலினம் பார்க்கும்போது வரும் வரம்பை அந்த பட்டனால் சரிசெய்யலாம் என்று எண்ணி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம். அனலிட்டிக்ஸில் `City` என்று பார்த்தால் ராயபுரமும் எண்ணூரும் பெரும்பாலும் `Chennai` என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடும். அதனால் வெப்சைட்டுக்குள் வருபவர் தன் ரூட்டைத் தேர்ந்தெடுக்கும்போது `select_area` என்று ஒரு நிகழ்வை அனுப்பி, அதில் `delivery_area` என்ற விவரத்தைச் சேர்த்து, அதை ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்க்க உதவும் தனி டைமென்ஷனாகப் பதிவு செய்திருந்தோம். ஏரியா வாரியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது அதனால்தான். ஆனால் எவ்வளவு பிரிக்கிறோமோ அவ்வளவு சின்னச் சின்ன வரிகள். அதன் மேல் வயதையும் வைத்தால் நான்கு ரூட், ஆறு வயதுப் பிரிவு, மொத்தம் இருபத்து நான்கு கட்டங்கள். சின்னக் கடையின் ஒரு மாதக் கூட்டத்தை இத்தனை கட்டங்களில் பங்கு போட்டால் சில கட்டங்களில் ஆளே மிஞ்ச மாட்டார்கள்.

எண்ணூரும் ராயபுரமும்: கணக்காகப் பார்ப்போம்

ஜூலை மாதம். ராயபுரத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் 700 பேர், எண்ணூரைத் தேர்ந்தெடுத்தவர்கள் 130 பேர். இதில் எல்லாருடைய வயதும் கூகுளுக்குத் தெரியாது. தெரியாதவர்கள் `unknown` என்ற வரியில் போய் நிற்பார்கள், அது பெரும்பாலும் பெரிய வரியாகவே இருக்கும். ராயபுரத்தில் 430 பேர், எண்ணூரில் 80 பேர் அப்படி என்று வைப்போம். மிச்சம் வயது தெரிந்தவர்கள் இப்படி:

| வயது | ராயபுரம் | எண்ணூர் |
|---|---|---|
| 18-24 | 30 | 3 |
| 25-34 | 90 | 11 |
| 35-44 | 80 | 12 |
| 45-54 | 40 | 8 |
| 55-64 | 24 | 9 |
| 65+ | 6 | 7 |
| கூட்டல் | 270 | 50 |

இது கூகுளுக்கு உள்ளே இருக்கும் அட்டவணை. நமக்கு வருவது வேறு. வரம்பு 10 பேர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பத்துக்குக் குறைந்த கட்டங்கள் எல்லாம் அழிந்துபோகும்.

ராயபுரத்தில் அழிவது 65+ வரி மட்டும், ஆறே பேர். 45 வயதைத் தாண்டியவர்கள் உண்மையில் 270-க்கு 70, அதாவது 26 சதவீதம். நம் கண்ணுக்குத் தெரிவது 264-க்கு 64, அதாவது 24 சதவீதம். பரவாயில்லை, யாரும் இதை வைத்துத் தப்பு முடிவு எடுத்துவிடப் போவதில்லை.

எண்ணூரில் நிற்பது 25-34, 35-44 என்ற இரண்டு வரிகள்தான். 23 பேர். மீதி 27 பேர் போய்விட்டார்கள். 45 வயதைத் தாண்டியவர்கள் உண்மையில் 50-க்கு 24, கிட்டத்தட்ட பாதி. ரிப்போர்ட்டில் அவர்கள் பூஜ்யம். ராயபுரத்தைவிட எண்ணூரில்தான் வயதானவர்கள் பங்கு அதிகம், நான் அக்காவிடம் சொன்னதோ நேர் எதிர்.

ஒரே வரம்புதான் இரண்டு ரூட்டுக்கும். ஆனால் அடி விழுந்தது சின்ன ரூட்டில் மட்டும். எண்ணூரின் வயதுப் பரவல் ராயபுரத்தைப்போல் நடுவில் குவியாமல் எல்லாப் பிரிவிலும் சிதறி இருந்ததும் ஒரு காரணம். எட்டு, ஒன்பது, ஏழு என்று சிதறிக் கிடக்கும் கூட்டம் மொத்தத்தில் 24 பேராக இருந்தாலும், தனித்தனியாக ஒவ்வொன்றும் கோட்டுக்குக் கீழே விழுந்துவிடுகிறது. பெரிய ரூட்டின் எண்கள் சரியாக இருப்பதைப் பார்த்துச் சின்ன ரூட்டின் எண்களையும் நம்பிவிடுவோம். நான் ஏமாந்தது அங்கேதான்.

அப்புறம் விகிதம். அக்காவின் பில் புக்கில் ஜூலையில் ராயபுரத்துக்கு 154 ஆர்டர், எண்ணூருக்கு 26. நூறு பேர் பார்த்தால் எத்தனை ஆர்டர் என்று கேட்டால், ராயபுரம் 154-ஐ 700-ஆல் வகுத்து 22, எண்ணூர் 26-ஐ 130-ஆல் வகுத்து 20. ராயபுரம் கொஞ்சம் மேல். ஆனால் வயது வைத்த ரிப்போர்ட்டில் இருக்கும் வரிகளை நானே கூட்டி வகுத்தேன் என்றால்? எண்ணூரில் கண்ணுக்குத் தெரிவது 23-ம் `unknown` 80-ம் சேர்ந்து 103. 26-ஐ 103-ஆல் வகுத்தால் 25. ராயபுரம் 154-ஐ 694-ஆல் வகுத்தால் அதே 22. இப்போது எண்ணூர் முந்திவிட்டது. ஆர்டர் எண்ணிக்கை முழுதாக பில் புக்கிலிருந்து, ஆள் எண்ணிக்கை ஓட்டை விழுந்த ரிப்போர்ட்டிலிருந்து. மேலே ஒரு தராசு, கீழே வேறு தராசு வைத்தால் இப்படித்தான் வரும்.

படி 1: சின்னத்தைப் பாருங்கள்

ரிப்போர்ட்டின் தலைப்புக்கு அருகே ஒரு சின்ன ஐகான் இருக்கும். பச்சை டிக் என்றால் பிரச்சினை இல்லை. முக்கோண எச்சரிக்கையோ வேறு சின்னமோ இருந்தால் அதை அழுத்திப் படியுங்கள். வரம்பு போடப்பட்டிருக்கிறதா, முழு டேட்டாவில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறதா என்று அங்கே எழுதியிருக்கும். இரண்டும் வேறு வேறு நோய். இரண்டாவதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தச் சின்னம் எத்தனை வரி போனது, எந்த வரி போனது என்று சொல்லாது. இந்த ரிப்போர்ட்டில் கை வைத்திருக்கிறோம் என்று மட்டும் சொல்லும். நீங்கள் பார்க்கும் வரி பத்திரமாகவும் இருக்கலாம்.

டேட்டாவைக் கூகுள் ஷீட்டுக்கோ லுக்கர் ஸ்டுடியோவுக்கோ இழுத்துப் பார்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முக்கோணம் அங்கே கூடவே வந்து கண்ணில் படும் என்று நம்ப முடியாது. ஏபிஐ வழியாக எடுக்கிறீர்கள் என்றால், பதிலின் கடைசியில் இப்படி ஒரு பகுதி வரும்:

```json
"metadata": {
  "subjectToThresholding": true,
  "dataLossFromOtherRow": false
}
```

முதல் வரி `true` என்றால் வரம்பு வேலை செய்திருக்கிறது. இரண்டாவது வரி இன்னொரு குழி. ஒரு டைமென்ஷனில் வித்தியாசமான மதிப்புகள் மிக அதிகமானால், சின்ன வரிகளை எல்லாம் `(other)` என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுவார்கள். நான்கு ரூட் வைத்திருக்கும் கடைக்கு அந்தக் கவலை இல்லை.

படி 2: வயதை எடுத்துவிட்டு, கழித்துப் பாருங்கள்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஐந்து நிமிடம் போதும். அதே தேதி, அதே ரூட், ஆனால் `Age` இல்லாமல் ஒரு தடவை எடுங்கள். எண்ணூருக்கு 130 என்று வரும். பிறகு `Age` வைத்து எடுத்து, தெரியும் வரிகளை `unknown` உட்படக் கூட்டுங்கள். 103. வித்தியாசம் 27. மறைந்தவர்கள் அத்தனை பேர்.

`unknown` வரியைச் சேர்க்க மறந்தால் வித்தியாசம் 107 என்று வந்து பயமுறுத்தும். வயது தெரியாதவர்கள் வேறு, வயது தெரிந்தும் மறைக்கப்பட்டவர்கள் வேறு. முதல் கூட்டத்தின் வயது கூகுளுக்கே தெரியாது, எந்த வித்தையாலும் அதைக் கொண்டுவர முடியாது.

அனலிட்டிக்ஸ் ஆள் எண்ணிக்கையை ஒரு மதிப்பீட்டு முறையில்தான் போடுகிறது. அதனால் இரண்டு மூன்று பேர் வித்தியாசம் வந்தால் விட்டுவிடுங்கள். 130-க்கு 27 என்பது விடக்கூடிய வித்தியாசம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. கழித்தல் கணக்கை இன்னும் நீட்டி, "65+ ஆண் ஒருத்தர், வெள்ளிக்கிழமை, வஞ்சிரம்" என்று ஓர் ஆளைக் கண்டுபிடிக்கும் வரை கொண்டுபோக முடியும். போகாதீர்கள். அந்த வரம்பு இருப்பதே அதைத் தடுக்கத்தான். ஒரு ரூட்டில் மொத்தம் எத்தனை பேர் மறைந்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம் வேலைக்கு அதுவே தாராளம்.

படி 3: கட்டங்களைச் சேருங்கள்

அக்காவுக்குத் தேவையான பதில், எண்ணூருக்கு இன்ஸ்டாகிராம் விளம்பரமா, தெருமுனையில் நோட்டீஸா என்பதுதான். அதற்கு ஆறு வயதுப் பிரிவு எதற்கு? இரண்டு போதும்.

ரிப்போர்ட்டின் மேல்பகுதியில் ஒப்பீடு சேர்க்கும் வசதி இருக்கிறது. அதில் `Age` எடுத்து `45-54`, `55-64`, `65+` மூன்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஓர் ஒப்பீடு. மற்ற மூன்றையும் சேர்த்து இன்னொன்று. இப்போது `Age` வரிசையாக வராமல், ரூட் மட்டும் வரிகளாக வரும். எண்ணூரில் மேல் வயது 24, கீழ் வயது 26. இரண்டும் நாம் வைத்த பத்தைத் தாண்டிவிட்டன. கூட்டினால் 50, `unknown` 80-ஐச் சேர்த்தால் 130. வயது இல்லாமல் எடுத்த எண்ணோடு பொருந்துகிறது. இப்படிப் பொருந்தினால் எதுவும் தப்பவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம்.

சேர்த்தும் பொருந்தவில்லை என்றால், சேர்த்த கட்டமும் வரம்புக்குக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் பெரிதாகச் சேருங்கள். எண்ணூரையும் திருவொற்றியூரையும் ஒன்றாக்கலாம், வண்டி ஒரே சாலையில்தான் போகிறது. ராயபுரத்தோடு எண்ணூரைச் சேர்க்கக் கூடாது. ராயபுரத்துக் கூட்டம் எண்ணூரை விழுங்கிவிடும், கேள்வியே காணாமல் போகும்.

படி 4: தேதியை நீட்டலாம், ஆனால் மீன்பிடித் தடை எப்போது என்று பார்த்துக்கொள்ளுங்கள்

இணையத்தில் எல்லாரும் முதலில் சொல்லும் யோசனை இதுதான்: ஒரு மாதத்துக்குப் பதில் மூன்று மாதம் எடு, ஆட்கள் கூடுவார்கள், வரி திரும்பி வரும். உண்மைதான், வரும். ஆனால் மீன் கடைக்கு மூன்று மாதம் என்பது ஒரே மாதிரியான மூன்று மாதம் கிடையாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் வரத்து குறையும், விலை ஏறும், வழக்கமாக வாங்குபவர்களில் பலர் கோழிக்குப் போய்விடுவார்கள். ஜூலையில் வயதானவர் வரி காணவில்லை என்று மே மாதத்தையும் சேர்த்து எடுத்தால், நீங்கள் பார்ப்பது ஜூலைக்காரர்களையும் தடைக்காலத்தில் விலை கேட்டுவிட்டுப் போனவர்களையும் கலந்த ஒரு கூட்டத்தை. ஜூலைக்கு அடுத்த மாதங்களுக்கு நீட்டினால் செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்துவிடும். அந்த மாதம் மீனை விடுபவர்கள் வீட்டுக்கு வீடு வேறுபடுவார்கள், எந்த வயதில் அதிகம் விடுகிறார்கள் என்பதே உங்கள் கேள்வியைக் கெடுத்துவிடும்.

ஆக ஜூன் 15-லிருந்து புரட்டாசி தொடங்கும்வரை உள்ள மூன்று மாதம்தான் நீட்டுவதற்குத் தோதான காலம். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் கூழுக்கு என்று கருவாடும் மீனும் கூடுதலாகப் போகும், அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

இதில் கருவி வைக்கும் தடையும் ஒன்று உண்டு. நாமே ரிப்போர்ட் அமைத்துப் பார்க்கும் `Explore` பகுதியில் டேட்டா எத்தனை மாதம் இருக்க வேண்டும் என்று அட்மினில் தேர்ந்தெடுக்கலாம், இலவசக் கணக்கில் 2 மாதம் அல்லது 14 மாதம். ஆனால் வயது, பாலினம், ஆர்வம் இவற்றுக்கு நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் 2 மாதம்தான். எனவே `Explore`-இல் வயதை வைத்து மூன்று மாதம் எடுத்தால் பழைய பகுதி அரைகுறையாக வரும். சாதாரண ரிப்போர்ட் பக்கத்திலேயே எடுங்கள்.

இன்னொன்று. தேதியை நீட்ட முடியாதவர்கள், வாரா வாரம் எடுத்து ஷீட்டில் கூட்டலாம் என்று யோசிப்பார்கள். வாரத்துக்கு எடுத்தால் கட்டம் இன்னும் சின்னதாகி இன்னும் அதிக வரிகள் மறையும். அதுபோக, நான்கு வாரமும் வந்த ஒரே ஆளை நான்கு பேராக எண்ணிவிடுவீர்கள்.

படி 5: வயது வேண்டாம் என்றால் பிக்குவெரி

ரூட் வாரியான எண்ணிக்கை மட்டும் போதும், வயது வேண்டாம் என்றால், அனலிட்டிக்ஸைக் கூகுளின் டேட்டா கிடங்கான பிக்குவெரியோடு இணைத்துவிடுங்கள். அங்கே ஒவ்வொரு நிகழ்வும் தனித்தனி வரியாக வந்து விழும். வரம்பும் இல்லை, ஒரு பகுதியை மட்டும் எடுத்து எண்ணும் சாம்ப்ளிங்கும் இல்லை. அதே சமயம் வயது, பாலின விவரமும் அங்கே வராது.

```sql
SELECT
  (SELECT value.string_value FROM UNNEST(event_params)
   WHERE key = 'delivery_area') AS area,
  COUNT(DISTINCT user_pseudo_id) AS users
FROM `project.analytics_123456789.events_*`
WHERE event_name = 'select_area'
  AND _TABLE_SUFFIX BETWEEN '20250701' AND '20250731'
GROUP BY area
```

`project`, `123456789` என்ற இடங்களில் உங்கள் ப்ராஜெக்ட் பெயரும் ப்ராப்பர்ட்டி எண்ணும் போட வேண்டும். இணைத்த நாளிலிருந்துதான் டேட்டா சேரும், போன மாதத்தை இன்று இணைத்து வாங்க முடியாது. அதனால் தேவை வருவதற்கு முன்பே இணைத்துவைப்பது நல்லது. கார்டு விவரம் கொடுக்காமல் சாண்ட்பாக்ஸாக வைத்திருந்தால் டேபிள்கள் 60 நாளில் தானாக அழிந்துவிடும். இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கு 10 லட்சம் நிகழ்வு வரைதான் அனுப்பும், மீன் கடைக்கு அது எட்டாத உயரம்.

சாம்ப்ளிங் வேறு கதை

படி ஒன்றில் சொன்ன இரண்டாவது நோய் இது. `Explore`-இல் நீங்கள் கேட்கும் கேள்விக்கு 1 கோடி நிகழ்வுகளுக்கு மேல் படிக்க வேண்டியிருந்தால், இலவசக் கணக்கில் அனலிட்டிக்ஸ் முழுவதையும் படிக்காது. ஒரு பங்கை மட்டும் எடுத்து எண்ணி, பெருக்கிச் சொல்லும். அக்காவின் கடைக்கு இது வராது. பெரிய டெலிவரி ஆப் எதிலாவது வேலைக்குச் சேர்ந்தால் முதல் வாரத்திலேயே வரும்.

20 கோடி நிகழ்வில் 1 கோடியை எடுத்தால் 5 சதவீதம். ஏலத்துக்கு வந்த இருபது கூடையில் ஒன்றை மட்டும் கொட்டிப் பார்த்து மொத்தத்தைச் சொல்வதுபோல. கவலை மீன் எவ்வளவு என்று கேட்டால் பதில் ஓரளவு சரியாக வரும், எல்லாக் கூடையிலும் கவலை இருக்கும். இருபது கூடைக்கும் சேர்த்து இரண்டே இரண்டு வவ்வால் இருந்தால்? ஒன்றுமே இல்லை என்று சொல்வீர்கள், அல்லது ஒன்று கையில் கிடைத்து இருபது என்று சொல்வீர்கள்.

எண்ணூரில் அந்த மாதம் நடந்தது 40 வாங்கல் என்று வைப்போம். ஒவ்வொன்றும் சீட்டு குலுக்கி எடுத்ததுபோல 5 சதவீத வாய்ப்பில் உள்ளே வந்தால், சராசரியாக 2 வரும், அதை 20-ஆல் பெருக்கி 40 என்று சரியாகக் காட்டும். ஆனால் ஒன்றுகூட வராமல் போக 100-க்கு 13 வாய்ப்பு. ஒன்று மட்டும் வந்து 20 என்று காட்ட 27 வாய்ப்பு. 60 அல்லது அதற்கு மேல் காட்ட ஏறக்குறைய மூன்றில் ஒரு வாய்ப்பு. போன மாதம் 20, இந்த மாதம் 60, விற்பனை மூன்று மடங்கு என்று மீட்டிங்கில் கைதட்டு வாங்கலாம். கடையில் எதுவும் மாறியிருக்காது.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு. சின்ன வரிகளின் எண்களை வரிசையாகப் பாருங்கள். 20, 40, 60, 20, 80 என்று ஒரே எண்ணின் மடங்குகளாக, அல்லது அதற்கு மிக அருகில் வந்தால், பெருக்கிய எண்கள் அவை. ஐகானை அழுத்தினால் எத்தனை சதவீத டேட்டா என்று எழுதியிருக்கும். ஏபிஐ-யில் `samplesReadCount`, `samplingSpaceSize` என்று இரண்டு எண்கள் வரும், முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் அதே சதவீதம்.

மருந்தும் வேறு. வரம்புக்குத் தேதியை நீட்டுகிறோம், சாம்ப்ளிங்குக்குக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் 1 கோடிக்குள் அடங்குமாறு நாள் நாளாக வெட்டி எடுத்து, ஆர்டர்களைக் கூட்டலாம். ஆட்களைக் கூட்டக் கூடாது, காரணம் மேலே சொன்னதுதான். இரண்டு நோயும் ஒரே ரிப்போர்ட்டில் வந்தால், முதலில் வயதை எடுத்துவிட்டு ஒன்றைத் தீர்த்துக்கொண்டு பிறகு மற்றதைப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கையாள முயன்று ஒரு சனிக்கிழமை முழுக்க எனக்கு வீணானது.

வஞ்சிரத்துக்கு எத்தனை ஸ்பெல்லிங்

இதே போன்ற மறைப்பு, கூகுளில் எந்தச் சொல்லைத் தேடி நம் வெப்சைட்டுக்கு வந்தார்கள் என்று காட்டும் சர்ச் கன்சோலிலும் உண்டு, தமிழ்க் கடைகளை அது கூடுதலாகத் தாக்கும் என்பதால் சொல்கிறேன். இரண்டு மூன்று மாதத்தில் சில டஜன் பேருக்கு மேல் தேடாத சொற்களை அங்கே பட்டியலில் காட்ட மாட்டார்கள். நம் ஆட்கள் வஞ்சிரம் என்று தமிழிலும் தேடுவார்கள், ஆங்கில எழுத்தில் `vanjaram`, `vanjiram`, `vanjiram meen kasimedu` என்று ஆளுக்கொரு விதமாகவும் தேடுவார்கள். எல்லாம் ஒரே மீன், ஒரே கேள்வி. ஆனால் ஒவ்வொன்றும் தனிச் சொல்லாக எண்ணப்படுவதால் பல கோட்டுக்குக் கீழே விழுந்துவிடும். மேலே கிராஃபில் வரும் மொத்த கிளிக்கில் அவை சேர்ந்திருக்கும், கீழே சொற்பட்டியலில் இருக்காது. ஏதாவது ஒரு சொல்லை வைத்து ஃபில்டர் போட்டால் மொத்தத்திலிருந்தும் போய்விடும். "இந்தச் சொல் உள்ளவை", "இந்தச் சொல் இல்லாதவை" என்று இரண்டு தடவை ஃபில்டர் போட்டு கிளிக்குகளைக் கூட்டுங்கள். ஃபில்டர் இல்லாத மொத்தத்தைவிட எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு மறைந்திருக்கிறது.

ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது

மறைந்த கட்டத்தில் 0 என்று எழுதாதீர்கள். கோடு போடுங்கள், கீழே ஒரு வரி எழுதுங்கள். அக்காவுக்கு நான் இரண்டாவது தடவை கொடுத்த தாளில் எண்ணூர் வரி இப்படி இருந்தது: "மொத்தம் 130. வயது தெரியாதவர்கள் 80. தெரிந்த 50 பேரில் 45 வயதைத் தாண்டியவர்கள் 24. அதற்குமேல் நுணுக்கமாகப் பிரித்துச் சொல்ல முடியாது."

அந்த 80 பேரின் வயதும் இதே பங்கில் இருக்கும் என்று எழுதவில்லை. கூகுள் கணக்கில் லாகின் செய்து, விளம்பரத் தேர்வுகளைத் திறந்து வைத்திருப்பவர்களின் வயதுதான் பெரும்பாலும் தெரியவரும். பேரனின் போனை வாங்கி விலை பார்க்கும் தாத்தா, பேரனின் வயதில் எண்ணப்பட்டிருக்கலாம்.

அக்கா தாளைப் படித்துவிட்டு, எண்ணூர் ரூட்டுக்குப் போகும் பையனைக் கூப்பிட்டார். "டேய், உன் வீடுங்கள்ல பெருசுங்க எத்தினி பேரு கதவ தொறக்குறாங்க?" அவன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். இன்ஸ்டாகிராமுக்கு எடுத்துவைத்த பணத்தில் பாதியில் கத்திவாக்கம் பக்கம் ஒட்ட நோட்டீஸ் அடித்தோம். போன் நம்பரைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னது அக்கா.